அத்தியாயம் 4: தயங்கிப் பேசும் வரிகளைப் படிப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் ஆய்வுக் கட்டுரை கல்லூரிக்குள் மட்டும் புழங்கும் பொருள் அல்ல. கிணற்று நீர் வழக்கில் வக்கீல் அதை நீட்டுகிறார். டேனரித் தொழிலாளிகளின் இருமலைப் பற்றிப் பேச வந்த சங்கத் தலைவர் செல்பேசியில் அதைத் திறந்து காட்டுகிறார். ஷூ கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போடுகிறார்.

அப்படி எடுக்கப்படும் வரி பெரும்பாலும் ‘ஃபைண்டிங்ஸ் சஜஸ்ட்’ என்று தொடங்கும் வரியாகவே இருக்கும். ஒரு தரப்பு அதைப் படித்துவிட்டு, “ஆய்வே நிரூபித்துவிட்டது” என்கிறது. மறுதரப்பு, “சஜஸ்ட் என்றுதானே போட்டிருக்கிறான், ப்ரூவ் என்று போடவில்லையே” என்று தட்டிக் கழிக்கிறது. இரண்டுமே தப்பான வாசிப்பு. கட்டுரையாளர் அந்தச் சொல்லைப் போட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை எப்படித் தேடி எடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். பழகிப் பார்ப்பதற்கு, தோல் பதனிடும் தொழிலாளிகளின் உடல்நலம் பற்றிய உண்மையான கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

வரியை இரண்டாக வெட்டுங்கள்

ஆய்வுக் கட்டுரைக்கு ஏறக்குறைய ஒரே அமைப்புதான். முதலில் சுருக்கம். பிறகு முன்னுரை, செய்த முறை, கிடைத்த முடிவுகள், அவற்றைப் பற்றிய விவாதம், கடைசியில் முடிவுரை. ‘ரிசல்ட்ஸ்’ பகுதியில் இருப்பது அளந்ததும் எண்ணியதும். ‘டிஸ்கஷன்’ பகுதியில் இருப்பது அந்த எண்களிலிருந்து கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட பொருள். ‘லிமிடேஷன்ஸ் இன்க்ளூட்’ என்ற பத்தி விவாதத்தின் கடைசியில், முடிவுரைக்குச் சற்று முன்னால் ஒளிந்திருக்கும். சுருக்கத்தில் அது அநேகமாக இருக்காது. சுருக்கத்தை மட்டும் படித்து வாதாடுகிறவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

‘ஃபைண்டிங்ஸ் சஜஸ்ட்’ என்ற வரி, முடிவுப் பகுதியிலிருந்து விவாதப் பகுதிக்குத் தாவும் இடத்தில் நிற்கிறது. கண்டது ஒன்று, அதிலிருந்து ஊகித்தது ஒன்று. எனவே அந்த வரியைப் பார்த்தவுடன் ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘என்ன அளந்தார்கள்?’ என்றும் வலப்பக்கம் ‘அதிலிருந்து என்ன சொல்கிறார்கள்?’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தை மறுக்க வேண்டுமானால் அளவையில் பிழை காட்ட வேண்டும். வலப்பக்கத்தை மறுக்க, அதே அளவுக்கு வேறொரு விளக்கம் பொருந்தும் என்று காட்டினால் போதும். இரு தரப்பும் கட்டிப் புரளும் பல வாதங்கள் இந்தக் கோட்டைப் போடாததால் வருபவை.

வினைச்சொற்களின் வரிசை

கட்டுரைகளில் வரும் வினைச்சொற்களைத் தோராயமாக அடுக்கலாம். முதல் இரண்டு வகையும் கண்டதைச் சொல்பவை. மற்றவை ஊகத்தைச் சொல்பவை, உறுதி ஏறும் வரிசையில்.

- ‘ஃபவுண்ட்’, ‘அப்சர்வ்ட்’: இதைப் பார்த்தோம், எண்ணினோம். இடப்பக்கத்துக்குரிய சொற்கள்.
- ‘அசோசியேட்டட் வித்’: இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை.
- ‘மே’, ‘குட்’: இப்படியும் இருக்கலாம். பெரும்பாலும் இந்த ஆய்வு அதைச் சோதிக்கவே இல்லை.
- ‘சஜஸ்ட்’: எங்கள் எண்களுக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. வேறு விளக்கங்களை முழுதும் விலக்கிவிடவில்லை.
- ‘இண்டிகேட்’, ‘ஷோ’: அதைவிட ஒரு படி மேல்.
- ‘டெமான்ஸ்ட்ரேட்’, ‘எஸ்டாப்ளிஷ்’: மாற்று விளக்கங்களுக்கு இடமில்லை என்று கட்டுரையாளர் உரிமை கொண்டாடுகிறார்.

இந்த அடுக்கை அளவுகோலாக எண்ணிவிட வேண்டாம். ஒருவர் ‘சஜஸ்ட்’ என்று எழுதுவதை இன்னொருவர் ‘ஷோ’ என்று எழுதிவிடுவார். இதழின் வழக்கமும் ஆசிரியரின் சுபாவமும் சொல்லை மாற்றும். ஆகவே சொல்லைப் பார்த்துச் சந்தேகம் எழுந்தால், அந்தச் சொல்லைத் தாங்கும் பலம் ஆய்வு முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கட்டுரையைத் திறந்தாக வேண்டும்.

கான்பூர் கட்டுரை

2008இல் ரஸ்தோகி, பாண்டே, திரிபாதி ஆகிய மூவர் இந்தியத் தொழில்சார் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரை இது. கான்பூரின் ஜாஜ்மாவ் பகுதி டேனரித் தொழிலாளிகளைப் பற்றியது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தேடுபெட்டியில் இந்தத் தலைப்பை அப்படியே அடித்தால் வரும்:

```
Occupational health risks among the workers employed in leather tanneries at Kanpur
```

பத்து டேனரிகளிலிருந்து 197 ஆண் தொழிலாளிகளை எடுத்தார்கள். ஒப்பீட்டுக்கு, அதே வயதும் பொருளாதார நிலையும் கொண்ட, டேனரியில் வேலையே செய்யாத 117 ஆண்களை எடுத்தார்கள். இரு குழுவையும் பரிசோதித்தார்கள். தொழிலாளிகளில் 40.1 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு நோய் இருந்தது; மற்றவர்களில் 19.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. தொழிலாளிகளிடம் மூச்சுக்குழல், நுரையீரல் சார்ந்த நோய்கள் மிகுதி. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த நோய்களில் வயிறு, குடல் சார்ந்த தொல்லைகளே முதன்மை. தொழிலாளிகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் குரோமியம் கூடுதலாக இருந்தது.

இதுவரை எல்லாம் இடப்பக்கம். இதிலிருந்து, “குரோமியத்தால் டேனரித் தொழிலாளிகளுக்கு நுரையீரல் நோய் வருகிறது” என்று எழுதினால் நாம் கோட்டைத் தாண்டிவிட்டோம். எத்தனை தூரம் தாண்டினோம் என்பதை ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

முதலில் ‘சிக்னிஃபிகன்ட்’. நோய் ‘சிக்னிஃபிகன்ட்லி ஹையர்’ என்று படித்தவுடன் ‘மிகவும் முக்கியமான அளவில்’ என்று எடுத்துக்கொள்வது இயல்பு. இங்கே அது கணக்கின் சொல். தற்செயலாக இத்தனை பெரிய வித்தியாசம் வருவது அரிது என்பதே பொருள். எவ்வளவு அரிது என்பதை `p < 0.05` போன்ற குறியீடு சொல்லும். இரு விழுக்காடுகளுக்கும் இடைவெளி சுமார் 20. இத்தனை பேரை வைத்து எடுத்த கணக்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று வழக்கமான வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், உண்மையான இடைவெளி ஏறக்குறைய 10க்கும் 30க்கும் நடுவே எங்கோ இருக்கலாம் என்று வருகிறது. 10 என்றாலும் பூஜ்யத்திலிருந்து நன்றாக விலகித்தான் நிற்கிறது. அதனால்தான் ‘சிக்னிஃபிகன்ட்’.

இதையே ஒரு பயிற்சியாகத் திருப்பிப் பாருங்கள். 197 பேருக்குப் பதில் 20 தொழிலாளிகள், 117 பேருக்குப் பதில் 12 மற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 பேரில் 8 பேருக்கும் 12 பேரில் 2 பேருக்கும் நோய். விழுக்காடு பார்த்தால் 40க்கு 17, கிட்டத்தட்ட அதே இடைவெளி. ஆனால் இப்போது ஆட்டம் பெரிதாகிவிடும். பூஜ்யமும் அதற்குள் வந்துவிடும். கட்டுரை ‘நாட் சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதும். நோயாளிகளின் விழுக்காடு குறையவில்லை, பரிசோதித்த ஆட்கள்தான் குறைந்தார்கள். ஆகவே ‘நாட் சிக்னிஃபிகன்ட்’ என்று கண்டால் உடனே எத்தனை பேர் என்று பாருங்கள். ‘சிக்னிஃபிகன்ட்’ என்று கண்டால் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டாவது ‘கிராஸ் செக்ஷனல்’. கான்பூர் ஆய்வு இந்த வகை. ஒரு காலகட்டத்தில் போய், அப்போது இருக்கும் நிலையை மட்டும் பதிவு செய்வது. வேலைக்குச் சேரும்போது ஒருவருடைய நுரையீரல் எப்படி இருந்தது, எத்தனை ஆண்டில் கெட்டது என்பதை இதில் காண முடியாது. காரணம் முந்தியா, நோய் முந்தியா என்ற வரிசை தெரியாத முறையில் ‘காஸ்’ என்ற சொல்லுக்குத் தகுதி கிடையாது. ‘அசோசியேட்டட்’, ‘சஜஸ்ட்’ வரைக்கும்தான் போகலாம். இந்தத் தயக்கம் ஆய்வு முறை விதித்தது. ஆசிரியரின் பயமோ முதலாளியின் நெருக்கடியோ காரணமாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது குரோமியம். ரத்தத்திலும் சிறுநீரிலும் கூடுதலாக இருந்தது என்றால், வேலையிடத்துக் குரோமியம் உடலுக்குள் போயிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் டிரம்மில் தோலை வெட் ப்ளூ ஆக்கும் பேசிக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூன்றிணைதிறன் குரோமியம். நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படுவது ஆறிணைதிறன் குரோமியம். ஆறாக உள்ளே போனாலும் உடலுக்குள் அது மூன்றாக மாறிவிடும். பிறகு சிறுநீரில் அளந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதோடு டேனரித் தொழிலாளி குரோமியத்தை மட்டுமா சுவாசிக்கிறார்? பஃபிங் தூசி இருக்கிறது, ஃபினிஷிங் பிரிவின் கரைப்பான் ஆவி இருக்கிறது, சுண்ணாம்புக் குழி நாற்றம் இருக்கிறது. இவற்றில் எது நோயைக் கொடுத்தது என்பதற்கு இந்த எண்கள் விடை சொல்லாது. “டேனரி வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது” என்பது எண்கள் தாங்கும் வாக்கியம். “குரோமியத்தால் வந்தது” என்பது அவை தாங்காத வாக்கியம்.

குறைபாடுகளுக்கு ஒரு திசை உண்டு

‘லிமிடேஷன்ஸ் இன்க்ளூட்’ என்ற பத்தியை முதல்முறை படிப்பவர் ஒப்புதல் வாக்குமூலம் போல எடுத்துக்கொள்கிறார். “அவர்களே தப்பு என்று ஒப்புக்கொண்டு விட்டார்கள்” என்று ஆய்வை ஓரம் கட்டிவிடுகிறார். அந்தப் பத்தியில் வரும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் குறை உண்மையைப் பெரிதாக்கிக் காட்டுமா, சிறிதாக்கிக் காட்டுமா?

ஒரு டேனரிக்குள் போய், இன்று வேலையில் இருப்பவர்களை மட்டும் பரிசோதிக்கிறோம். இருமல் தாங்காமல் போன வருடமே வேலையை விட்டவர் நம் பட்டியலில் இல்லை. தோல் அரிப்பு வந்து ஆட்டோ ஓட்டப் போனவரும் இல்லை. எஞ்சியிருப்பவர்கள் உடம்பு தாங்குகிறவர்கள். இதைத் தொழில்சார் மருத்துவத்தில் ‘ஹெல்தி வொர்க்கர் எஃபெக்ட்’ என்பார்கள். இந்தக் குறை நோயைக் குறைத்துக் காட்டும் திசையில் இழுக்கிறது. அதாவது 40.1 என்ற எண்ணைவிட உண்மை நிலை மோசமாக இருக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு, “குறைபாடு உள்ள ஆய்வு, நம்ப வேண்டாம்” என்று நிறுவனத் தரப்பு சொன்னால், அந்தக் குறைபாடு அவர்களுக்குத்தான் சாதகமாக இருந்தது என்று நீங்கள் காட்டலாம்.

எதிர்த்திசையில் இழுக்கும் குறைகளும் உண்டு. நோய் இருப்பதைத் தொழிலாளியின் வாய்மொழியாக மட்டும் கேட்டுப் பதிந்தால் எண் கூடக்கூடும். இழப்பீடு கிடைக்கலாம் என்ற பேச்சு அடிபடும் ஊரில் இன்னும் கூடும். ‘செல்ஃப் ரிப்போர்ட்டட்’ என்ற சொல்லைக் கண்டால் இதை நினைவில் வையுங்கள். புகைபிடிக்கும் பழக்கம் ஒரு குழுவில் கூடுதலாக இருந்து, அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாலும் எண் பெருத்துவிடும். இந்த வகைக் குழப்பத்துக்குக் கட்டுரைகளில் வரும் பெயர் ‘கன்ஃபவுண்டிங்’. ‘அட்ஜஸ்டட் ஃபார்’ என்று தொடங்கும் வரியில் எவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதில் இல்லாதது கழிக்கப்படவில்லை என்று கொள்ளுங்கள்.

இன்னொரு வகைக் குறை எந்தத் திசையிலும் இழுக்காது. முடிவு எந்த ஊர் வரைக்கும் செல்லும் என்பதை மட்டும் சொல்லும். ‘ஜெனரலைஸபிலிட்டி’ என்று எழுதுவார்கள். கான்பூர் ஆய்வில் இருந்த தொழிலாளிகள் அனைவரும் ஆண்கள், ஜாஜ்மாவ் டேனரிகளில் வேலை செய்தவர்கள். பேர்ணாம்பட்டு டேனரியில் அதேபோல் டிரம்மில் வேலை செய்யும் ஆணுக்கு அந்த முடிவைக் கொண்டுவருவதில் நியாயம் உண்டு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதே எண்ணைப் பொருத்த முடியாது. அவர் சுவாசிப்பது வேறு தூசி, பசை ஆவி. நிற்பது வேறு தளம். “டேனரியில் வந்தால் ஷூ கம்பெனியிலும் வரும்” என்பது ஊகம். சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு அந்தக் கட்டுரை சாட்சி சொல்லாது.

சில கட்டுரைகளில், “இன்னும் அதிகம் பேரை வைத்து ஆய்வு தேவை” என்ற ஒற்றை வரியோடு குறைபாட்டுப் பத்தி முடிந்துவிடும். அதில் உங்களுக்குச் செய்தி ஒன்றுமில்லை. ‘மெத்தட்ஸ்’ பகுதிக்குத் திரும்பிப் போய் நீங்களே நான்கைக் கேளுங்கள்: யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள், எதை அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள்? ஆசிரியர் எழுதாத குறைபாடுகள் இந்த நான்கு விடைகளிலிருந்து வெளியே வரும்.

‘இல்லை’ என்று எழுதியிருந்தால்

தயக்கச் சொற்களில் அதிகம் ஏமாற்றுபவை ‘இல்லை’ வகையைச் சேர்ந்தவை. இந்த வட்டாரத்தில் ஏற்றுமதி வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஒன்று பழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. பரிசோதனைக்கூட அறிக்கையில் ‘நாட் டிடெக்டட்’ என்று வரும். அதற்கு, அந்த முறை நம்பிக்கையாக அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். பூஜ்யம் என்று பொருள் கிடையாது. லாட் அனுப்பும் மேலாளருக்கு இது தெரியும். ஆய்வுக் கட்டுரையில் ‘நோ எவிடன்ஸ்’ என்று வரும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாடு இதற்கு நல்ல உதாரணம். பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் இந்த அமைப்பு உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தது. தோல் பதனிடும் தொழிலை அது 3ஆம் பிரிவில் வைத்திருக்கிறது: ‘வகைப்படுத்த இயலாதது’. காரணமாகச் சொல்லப்படுவது ‘இன்அடிகுவேட் எவிடன்ஸ்’. இதைக் காட்டி, “டேனரி வேலையால் புற்றுநோய் வராது என்று உலக அமைப்பே சொல்லிவிட்டது” என்று வாதிட இடமில்லை. கிடைத்த ஆய்வுகளைக் கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அதே முகமை 2012இல் வெளியிட்ட தொகுதியில் தோல் தூசியை 1ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கறையிலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு ‘சஃபிஷியண்ட் எவிடன்ஸ்’ உண்டு என்பது முடிவு. இந்த இடத்தில் தயக்கமே இல்லை. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷைர் பூட்ஸ், ஷூ தொழிலாளிகளிடம் மூக்குப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1970 வாக்கில் மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள்; அதற்குப் பிறகு சேர்ந்த சான்றுகளும் உண்டு. அப்படியானால் ஆம்பூரில் ஷூ தயாரிப்பவர்களுக்கு எவ்வளவு ஆபத்து? பிரிவு எண் அதைச் சொல்லாது. 1ஆம் பிரிவு என்பது சான்று எவ்வளவு வலுவானது என்பதற்கான எண். ஆபத்து எவ்வளவு பெரியது என்பது, அந்தத் தளத்தில் எவ்வளவு தூசி பறக்கிறது, உறிஞ்சுவிசிறி வேலை செய்கிறதா, ஒருவர் எத்தனை ஆண்டு அதில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. அதற்கு இங்கே தூசியை அளக்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய பட்டறைகளின் எண்ணைக் கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

‘மாடல் பிரெடிக்ட்ஸ்’ என்றால்

நிலத்தடி நீரைப் பற்றிய கட்டுரைகளில் இன்னொரு வகை வரி வரும். மேல் பாலாற்றுப் படுகையில் மாசு எப்படி நகர்கிறது என்பதை 1999இல் தங்கராஜன் என்ற நிலத்தடி நீரியலாளர் கணினி மாதிரி கொண்டு ஆராய்ந்து எழுதினார். நீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை, அதாவது டி.டி.எஸ்.ஸை, அதில் கணக்கிட்டார். டேனரிகளிலிருந்து வரும் மாசைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுக்குப் பிறகும் நிலத்தடி நீரில் உப்பின் அளவு பாதிக்குக் கீழே இறங்காது என்பது அதன் முக்கியமான முடிவு.

இந்த முடிவில் ‘பாதியாகக் குறைத்தாலும்’ என்பது நிபந்தனை. மழை, நீர் இறைப்பு, பாறையிடுக்குகளில் நீர் நகரும் வேகம் ஆகியவை பற்றிய ஊகங்களும் மாதிரிக்குள் இருக்கும். ‘அசூமிங்’, ‘அண்டர் தி சினாரியோ’ என்ற சொற்களுக்குப் பின்னால் அவை எழுதப்பட்டிருக்கும். மாதிரி சொன்னதை, “20 ஆண்டில் இப்படி ஆகும் என்று கண்டுபிடித்தார்கள்” என்று எழுதினால் பிழை. “இந்த நிபந்தனைகள் பொருந்தினால் இப்படி ஆகும் என்று கணக்கிட்டார்கள்” என்றால் சரி. மாதிரியைச் சோதிக்க எளிய வழியும் உண்டு. பழைய ஆண்டுகளின் அளவுகளை அதனிடம் கொடுத்தால், கிணறுகளில் உண்மையில் அளந்த எண்களோடு ஒத்துவருகிறதா என்று கட்டுரையிலேயே காட்டியிருப்பார்கள். ‘காலிப்ரேஷன்’, ‘வேலிடேஷன்’ என்ற உள்தலைப்புகளைத் தேடுங்கள். அவை இல்லாத மாதிரியின் எதிர்கால எண்ணை மேற்கோள் காட்டாமல் இருப்பது நல்லது.

கட்டுரையின் அளவுகோல் வேறு, நீதிமன்றத்தின் அளவுகோல் வேறு

“நிரூபணம் இல்லாமல் நடவடிக்கை எடுக்க முடியுமா?” என்று கேட்பவர்களுக்கு இந்த வட்டாரத்திலிருந்து போன வழக்கே பதில் தந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. சூழலுக்குக் கடுமையான, மீட்க முடியாத கேடு நேரும் அபாயம் இருந்தால், அறிவியல் உறுதி இன்னும் வரவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றது. தன் செயல் கேடற்றது என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் சொன்னது. இந்த முன்னெச்சரிக்கைக் கொள்கையின்படி பார்த்தால், ‘சஜஸ்ட்’ என்ற அளவில் நிற்கும் சான்றும் நடவடிக்கை எடுக்கப் போதுமானதாகலாம்.

அதே சான்று இன்னோர் இடத்தில் போதாமல் போகும். ஒரு குறிப்பிட்ட தொழிலாளியின் நோய் டேனரியால்தான் வந்தது என்று காட்ட வேண்டிய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கான்பூர் எண்களைக் கணக்கிட்டால், 197 பேரில் சுமார் 79 பேருக்கு நோய். ஒப்பீட்டுக் குழுவின் விகிதம் இவர்களுக்கும் இருந்திருந்தால் சுமார் 39 பேருக்கு நோய் இருந்திருக்கும். டேனரியோடு தொடர்புபடுத்தக்கூடியது மிகுதியுள்ள 40 பேர் அளவு. அந்த 40 பேர் யார் யார் என்று கட்டுரையால் சொல்ல முடியாது. உங்கள் கட்சிக்காரர் அந்த 40இல் ஒருவரா, மற்ற 39இல் ஒருவரா? அதற்கு அவருடைய மருத்துவப் பதிவேடு, எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்ற விவரம், மருத்துவரின் சான்று ஆகியவை தனியாக வேண்டும். குழுவைப் பற்றிய ஆய்வு குழுவுக்கான கொள்கையை வகுக்க உதவும். தனியொருவர் விஷயத்தில் அது துணைச்சான்று மட்டுமே.

மேற்கோள் காட்டும் முன்

ஒரு கட்டுரையிலிருந்து மனுவிலோ அறிக்கையிலோ ஒரு வரியை எடுப்பதற்கு முன் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. அந்த வரி முடிவுப் பகுதியிலிருந்து வந்ததா, விவாதப் பகுதியிலிருந்து வந்ததா என்று பாருங்கள்.
2. யாரை, எத்தனை பேரை, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்ற விவரத்தை வரியோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.
3. வினைச்சொல்லை மாற்றாதீர்கள். ‘அசோசியேட்டட்’ என்றிருப்பதைத் தமிழில் ‘காரணம்’ என்று எழுதாதீர்கள். ‘தொடர்பு காணப்பட்டது’ என்று எழுதுங்கள்.
4. குறைபாட்டுப் பத்தியைத் தேடி, ஒவ்வொரு குறையும் எந்தத் திசையில் இழுக்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள்.
5. அந்தக் குறைகளில் முக்கியமான ஒன்றை நீங்களே உங்கள் மனுவில் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட இது பாதுகாப்பு.

கான்பூர் கட்டுரையை இந்த முறைப்படி ஆம்பூரில் எழுதும் மனுவில் சேர்த்தால் இப்படி வரும்: “2008இல் வெளியான ஓர் ஆய்வில், கான்பூர் டேனரிகளில் பரிசோதிக்கப்பட்ட 197 ஆண் தொழிலாளிகளில் 40.1 விழுக்காட்டினருக்கு நோய் காணப்பட்டது. அதே வயதும் வசதியும் கொண்ட, டேனரியில் வேலை செய்யாத 117 ஆண்களில் இது 19.6 விழுக்காடு. ஒரு காலகட்டத்தில் மட்டும் எடுத்த கணக்கு என்பதால் காரணத்தை இது உறுதி செய்யவில்லை. நோயால் வேலையை விட்டவர்கள் இதில் சேராததால் உண்மை அளவு கூடுதலாகவும் இருக்கலாம். எனவே இந்த வட்டார டேனரிகளிலும் இத்தகைய பரிசோதனை நடத்த வேண்டும்.”

இதில் மிகை ஒன்றும் இல்லை. ஆய்வின் எண்கள் பெரிதாக்கப்படவில்லை, அதன் குறை மறைக்கப்படவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மூலக் கட்டுரையை வரவழைத்து வரிவரியாக ஒப்பிட்டாலும் நிற்கக்கூடிய பத்தி இது. நீங்கள் எடுக்கும் எந்தக் கட்டுரைக்கும் இப்படி ஒரு பத்தி எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாவிட்டால் அந்தக் கட்டுரையை நீங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை.